மண்டபம் ஐஸ் கிரஷர்: படமும் கணக்கும்

தம்பி, நீ நேத்து கேட்ட ஐஸ் கிரஷர் டிரைவ் இதுதான், ஷெட்டுல அளந்துட்டு வந்து எழுதுறேன். புல்லி இருக்கிற பக்கம் நின்னு பாக்குற மாதிரி படம், எந்தப் பக்கம் நின்னு பாக்குறோம்னு முதல்ல எழுதிடு, இல்லேன்னா வலம் இடம் எல்லாமே மாறிடும்.

```
மோட்டார் புல்லி 100 ==பெல்ட்== பெரிய புல்லி 360
                                |  (ஒரே ஷாஃப்ட்)
                              பினியன் 20
                                |
               இடது உருளை 80 -- வலது உருளை 80
```

புல்லி அளவு மில்லிமீட்டர்ல, கியர் அளவு பல் எண்ணிக்கை. புல்லிய வெளி விளிம்புல அளக்காத, வி-பெல்ட் உக்காந்து ஓடுற அளவுதான் கணக்குக்கு வேணும்.

திசைய மோட்டார்ல இருந்து ஆரம்பிக்காதடா, ஐஸ் போற வழியில இருந்து ஆரம்பி. 50 கிலோ கட்டி ரெண்டு உருளைக்கும் நடுவுல மேலருந்து விழுது, அப்போ ரெண்டு உருளையோட மேல்பக்கமும் உள்பக்கமா வந்து கட்டிய கடிச்சு கீழ இழுக்கணும். அதனால இடது உருளை வலஞ்சுழி, வலது உருளை இடஞ்சுழி. கியர் கியரோட கடிச்சா திசை திரும்பும்ல, அதனால இடது உருளைய ஓட்டுற பினியன் இடஞ்சுழி, அதே ஷாஃப்ட்ல இருக்கிற பெரிய புல்லியும் இடஞ்சுழி, நேர் பெல்ட்ல திசை மாறாது, அப்போ மோட்டாரும் இடஞ்சுழி. அம்புக்குறி எல்லாத்தயும் பென்சில்ல போடு.

போன தடைக்காலத்துல, ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் போட்டெல்லாம் கரையில கெடந்தப்போ, மோட்டார கழட்டி சுருள் கட்டிட்டு வந்து மாட்டுனாங்க. ஸ்விட்ச் போட்டதும் கட்டி உள்ள போகல, மேல துள்ளி வெளிய வந்து விழுந்துச்சு, நான் பயந்தே போயிட்டேன். மூணு பேஸ்ல ரெண்டு ஒயர் மாறிப்போச்சு, அவ்வளவுதான். அந்த ரெண்ட மாத்துனதும் சரியாயிடுச்சு. பெல்ட்ட குறுக்க போட்டாலும் திசை திரும்பும், ஆனா வி-பெல்ட்ட அப்படி போட்டா தேஞ்சு சாகும்.

வேகம், மோட்டார் 1440 ஆர்பிஎம்னா:

பெரிய புல்லி = 1440 × 100 ÷ 360 = 400 ஆர்பிஎம்
இடது உருளை = 400 × 20 ÷ 80 = 100 ஆர்பிஎம்
வலது உருளை = 100 × 80 ÷ 80 = 100 ஆர்பிஎம்
மொத்த விகிதம் = 3.6 × 4 = 14.4 : 1

ரெண்டு உருளைக்கும் பல் சமம், அதனால வேகம் மாறாது, திசை மட்டும் எதிரும் புதிருமா. இங்கதான் நெறைய பேர் இன்னொரு தடவ நாலால வகுத்துட்டு 25ன்னு எழுதி மார்க்க விடுறாங்க. நடுவுல ஒரு ஐட்லர் கியர் சேத்தா விகிதம் அப்படியே இருக்கும், ஆனா ரெண்டு உருளையும் ஒரே திசையில சுத்தும், ஐஸ் உடையாது.

பெல்ட் கொஞ்சம் வழுக்கும், 2 சதவீதம்னு வச்சுக்கிட்டா உருளைக்கு 98 ஆர்பிஎம். உருளை விட்டம் 200 மில்லிமீட்டர், விளிம்பு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர், அதுக்குள்ள கைய விட்றாத.