2024-25 போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை: விண்ணப்ப எண் 2425-0318467, ஒன்றிய அரசின் பங்குத்தொகை வரவாகாதது குறித்து விளக்கம் கோருதல்

பெறுநர்: உதவித்தொகைப் பிரிவு அலுவலர்
நகல்: நோடல் அலுவலர், எங்கள் கல்லூரி
நாள்: 14.07.2025

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்து பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படித்து வரும் ஆதிதிராவிடர் வகுப்பைச் சேர்ந்த மாணவி. கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறேன். 2024-25 கல்வியாண்டுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு மேற்குறிப்பிட்ட எண்ணில் புதுப்பித்தல் விண்ணப்பம் அளித்திருந்தேன். அதில் மாநில அரசின் பங்கு கடந்த மார்ச் மாதமே என் வங்கிக் கணக்கில் வரவாகிவிட்டது. ஒன்றிய அரசின் பங்கான ரூ.32,700 இன்றுவரை வரவில்லை. அந்தத் தொகை எந்தக் கட்டத்தில், என்ன காரணத்தால் நிற்கிறது என்பதை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்வதற்காகவே இந்த மின்னஞ்சலை அனுப்புகிறேன்.

தங்கள் கோப்புடன் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக நாட்களைக் குறிப்பிடுகிறேன். 18.11.2024 அன்று இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்து, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முந்தைய ஆண்டின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களைக் கல்லூரியில் ஒப்படைத்தேன். கல்லூரியின் நோடல் அலுவலர் 09.12.2024 அன்று சரிபார்த்து மேலனுப்பினார். தங்கள் அலுவலகத்தின் ஒப்புதல் 29.01.2025 அன்று கிடைத்ததாக என் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. கற்பிப்புக் கட்டணம் ரூ.45,000, விடுதி மாணவிக்கான கல்விப் படி ரூ.9,500, ஆக மொத்தம் ரூ.54,500 அனுமதிக்கப்பட்டதாக இணையதளத்தில் என் பக்கத்தில் பதிவாகியுள்ளது. இதில் 40 விழுக்காடான ரூ.21,800, 12.03.2025 அன்று என் கணக்கில் வரவானது. நான்கு மாதங்கள் கடந்த பின்னும் மீதி 60 விழுக்காடு வரவில்லை.

இத்திட்டத்தில் 2020-21 முதல் ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 விகிதத்தில் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதையும், மாநிலம் தன் பங்கை விடுவித்த பின்னரே ஒன்றியப் பங்கு ஆதார் வழியாக நேரடியாக மாணவரின் கணக்குக்கு அனுப்பப்படுகிறது என்பதையும் நான் அறிவேன். ஆகவே இரண்டு பங்குகளும் ஒரே நாளில் வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை; சில வாரங்கள் இடைவெளி இருப்பது இயல்பு என்றே ஏப்ரல் முழுவதும் காத்திருந்தேன். ஆனால் என்னுடன் அதே வகுப்பில், அதே விடுதியில் தங்கிப் படித்து, அதே வாரத்தில் விண்ணப்பித்த தோழிகளுக்கு ஒன்றியப் பங்கு ஏப்ரல் மாத இறுதியிலேயே வந்துவிட்டது. அவர்களின் படிப்பும் கட்டணமும் படியும் என்னுடையவையே. எனவே இது எல்லோருக்கும் பொதுவாக ஏற்பட்ட தாமதம் அல்ல, என் விண்ணப்பத்தில் மட்டும் ஏதோ ஓரிடத்தில் தடை ஏற்பட்டிருக்கிறது என்று கருத வேண்டியுள்ளது.

என்னைப் பெரிதும் குழப்புவது இணையதளத்தில் உள்ள பதிவுதான். என் விண்ணப்பத்தின் நிலையைத் திறந்து பார்த்தால், மாநிலப் பங்கு என்ற வரிக்கு நேராக 12.03.2025 என்ற நாளும் வங்கிப் பரிவர்த்தனை எண்ணும் உள்ளன. அதற்கு அடுத்த வரியில் ஒன்றியப் பங்குக்கு நேராக "பணம் செலுத்த அனுப்பப்பட்டது, 22.04.2025" என்று மட்டும் இருக்கிறது, பரிவர்த்தனை எண்ணுக்கான இடம் வெறுமையாக உள்ளது. பணம் திரும்பிவிட்டது என்றோ, நிராகரிக்கப்பட்டது என்றோ எங்கும் குறிப்பில்லை. பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் என் வங்கியின் பெயரையும் கணக்கு எண்ணையும் உள்ளிட்டுப் பார்க்கும்போது மார்ச் மாத வரவு மட்டுமே தெரிகிறது. ஒரு தளம் பணத்தை அனுப்பியதாகச் சொல்ல, மற்றொன்றில் அப்படி ஒரு பரிவர்த்தனையின் சுவடே இல்லாதிருக்கும் நிலையில், இதற்கு மேல் நானாகத் தேடி அறிய வழியில்லை.

இது குறித்துத் தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் தொடர்புகொண்டபோது, கணக்கு செயலற்றுப் போயிருக்கலாம் அல்லது ஆதார் இணைப்பு வேறு வங்கிக்கு மாறியிருக்கலாம், வங்கியில் விசாரியுங்கள் என்று கூறப்பட்டது. அவ்வாறே வங்கிக்குச் சென்று விசாரித்தேன். கிளை மேலாளர் 16.06.2025 தேதியிட்டு அளித்த கடிதத்தில், 7316 என்று முடியும் என் சேமிப்புக் கணக்கு செயல்பாட்டில் உள்ளது, கே.ஒய்.சி. விவரங்கள் முழுமையாக உள்ளன, 04.09.2023 முதல் என் ஆதார் எண் அரசு மானியங்களைப் பெறுவதற்காக இந்தக் கணக்குடனேயே இணைக்கப்பட்டுள்ளது, 01.04.2025 முதல் கடித நாள் வரை இக்கணக்குக்கு வந்து திருப்பப்பட்ட தொகை எதுவும் இல்லை என்று தெளிவாக எழுதியுள்ளார். ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தபோதும் அதே வங்கியின் பெயரும் அதே நாளும் இருந்தன. அந்தப் பக்கத்தின் படத்தையும் இணைத்துள்ளேன். எனக்கு வேறு எந்த வங்கியிலும் கணக்கு கிடையாது.

கணக்கு செயலற்றிருக்கலாம் என்ற கருத்தைப் பற்றி இன்னும் சற்று விளக்க விரும்புகிறேன், ஏனெனில் கோப்பில் இதுவே காரணமாக எழுதப்பட்டிருந்தால் அது திருத்தப்பட வேண்டும். மார்ச்சில் மாநிலப் பங்கு வந்ததும் இதே கணக்கில்தான், 17.03.2025 அன்று அந்தத் தொகையைக் கல்லூரிக் கட்டணமாகச் செலுத்தியதும் இதிலிருந்துதான். பாஸ்புத்தகத்தில் இரண்டு பதிவுகளும் அடுத்தடுத்த வரிகளில் உள்ளன. வாடிக்கையாளரின் பரிவர்த்தனை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இல்லாவிட்டால்தான் ஒரு கணக்கு செயலற்றதாகக் கருதப்படும். அரசு உதவித்தொகை பெறுவதற்காகத் தொடங்கப்பட்ட கணக்குகளை அந்தக் காரணத்துக்காகவும் செயலற்றவையாக வகைப்படுத்தக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 01.01.2024 அன்று வெளியிட்டு, அவ்வாண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கையே அறிவுறுத்துகிறது. ஆகவே வங்கி தரப்பில் தடை இருப்பதற்கு ஆதாரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பெயர் வேறுபாடு காரணமாக இருக்குமோ என்றும் எண்ணிப் பார்த்தேன். மதிப்பெண் பட்டியலில் என் பெயர் "கலைவாணி ச" என்றும், ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் "கலைவாணி சண்முகம்" என்றும் உள்ளது. தந்தை பெயரை முன்னெழுத்தாக எழுதும் நம் வழக்கத்தால் மாணவர் பலருக்கும் இருக்கும் வேறுபாடுதான் இது. முதல் இரண்டு ஆண்டுகளும் இதே ஆவணங்களின் அடிப்படையில் எனக்கு இரு பங்குகளும் கிடைத்துள்ளன. இந்த ஆண்டும் கல்லூரி, தங்கள் அலுவலகம் ஆகிய இரு நிலைகளிலும் இது ஏற்கப்பட்டுள்ளது. எனினும், இதற்காக உறுதிமொழிப் பத்திரமோ வேறு சான்றோ தேவையென்றால் தெரிவியுங்கள், உடனே அளித்துவிடுகிறேன்.

23.06.2025 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெற்ற மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு அளித்தேன். அம்மனு தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அதன் பிறகு பதில் ஏதும் வரவில்லை.

ஆகவே நான் அறிய விரும்புவது இதுதான். 22.04.2025 அன்று பணம் செலுத்த அனுப்பப்பட்ட பட்டியலில் என் விண்ணப்ப எண் உண்மையில் இடம்பெற்றிருந்ததா? இடம்பெற்றிருந்தால், அந்தப் பட்டியலின் எண் என்ன, என் வரிக்கு எதிரே வந்த பதில் குறியீடு என்ன? பணம் திரும்பியிருந்தால் எந்த நாளில், என்ன காரணம் காட்டித் திரும்பியது? ஒருவேளை மாநிலப் பங்கு விடுவிக்கப்பட்ட விவரம் நிதியாண்டு முடிவான மார்ச் 31-க்குள் உரிய இடத்துக்குச் சென்று சேராமல் என் பெயர் விடுபட்டிருந்தால், துணைப் பட்டியலில் சேர்த்து மீண்டும் அனுப்ப இப்போது வாய்ப்புள்ளதா, அதற்குக் கல்லூரியிடமிருந்து தனியாகக் கடிதம் தேவையா? "வங்கியில் விசாரிக்கவும்" என்ற பதில் மீண்டும் வந்தால், வங்கி ஏற்கெனவே எழுத்தில் கொடுத்துவிட்ட நிலையில் நான் அடுத்து யாரை அணுகுவது என்றே தெரியாது. எனவே காரணத்தைக் குறிப்பாகத் தெரிவிக்கும்படி வேண்டுகிறேன்.

இதில் அவசரம் இருப்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியுள்ளது. எங்கள் கல்லூரி இதுவரை என்னைக் கட்டணத்துக்காக வகுப்பிலிருந்தோ மருத்துவமனை வார்டுப் பயிற்சியிலிருந்தோ நிறுத்தியதில்லை. அதற்காக நன்றியுடையவளாக இருக்கிறேன். ஆனால் கட்டண நிலுவையான ரூ.23,200-ஐ 31.07.2025-க்குள் செலுத்தினால்தான் ஆறாம் பருவத் தேர்வுக்கான விண்ணப்பத்தைப் பரிந்துரைக்க முடியும் என்று 07.07.2025 அன்று அறிவித்துள்ளது. விடுதி உணவுக் கட்டணத்துக்காக என் தாயார் மகளிர் சுயஉதவிக் குழுவில் ஏற்கெனவே கடன் பெற்று மாதந்தோறும் தவணை கட்டி வருகிறார். என் பெற்றோர் இருவரும் விவசாயக் கூலிகள். இதற்கு மேல் கடன் வாங்க இயலாத நிலையில் இருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டுத் தேர்வு ஒன்று தள்ளிப்போனால் படிப்பு முடிந்து பதிவு பெற்று வேலைக்குச் செல்வதும் அதற்கேற்பத் தள்ளிப்போகும். எனக்கு அனுமதிக்கப்பட்டுவிட்ட தொகை வராத காரணத்தால் அப்படி நேர்வதை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை.

தொகை ஜூலை 31-க்குள் வர வாய்ப்பில்லை என்றால், "இந்த மாணவிக்கு ரூ.32,700 அனுமதிக்கப்பட்டு, வழங்கல் நிலுவையில் உள்ளது" என்ற அளவிலாவது ஒரு கடிதத்தைக் கல்லூரி முதல்வருக்கு அனுப்பி உதவுங்கள். அப்படி ஒரு கடிதம் வந்தால் தேர்வு விண்ணப்பத்தைப் பரிந்துரைப்பது குறித்துப் பரிசீலிப்பதாக முதல்வர் கூறியுள்ளார். மேலும், 2025-26-க்கான புதுப்பித்தல் விண்ணப்பம் தொடங்கும்போது, சென்ற ஆண்டுத் தொகை நிலுவையில் உள்ளதாகக் காட்டுவதால் என் விண்ணப்பம் ஏற்கப்படாமல் போகுமா என்பதையும் தெரிவித்தால் அதற்கேற்ப முன்கூட்டியே ஆவணங்களைத் தயார் செய்துகொள்வேன்.

இத்துடன் விண்ணப்பப் பதிவின் நகல், 13.07.2025 அன்று எடுத்த நிலைப் பக்கத்தின் படம், பாஸ்புத்தகத்தின் முதல் பக்கமும் மார்ச் முதல் ஜூலை வரையிலான பதிவுகளும், வங்கி மேலாளரின் கடிதம், ஆதார் இணைப்பு நிலையின் படம், குறைதீர்க்கும் நாள் மனுவின் ஒப்புகைச் சீட்டு, கல்லூரியின் அறிவிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பாக இணைத்துள்ளேன். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தவிர மற்றவற்றை மறைத்திருக்கிறேன். முழு எண் விண்ணப்பத்திலேயே உள்ளது. அசல் ஆவணங்களைப் பார்வையிட வேண்டுமெனில் எந்த வேலை நாளிலும் நேரில் வருகிறேன். காலையில் வார்டுப் பயிற்சி இருப்பதால், பிற்பகல் 2.30 மணிக்குப் பிறகு நேரம் ஒதுக்கித் தந்தால் உதவியாக இருக்கும்.

கல்லூரியின் கடைசி நாளைக் கருத்தில் கொண்டு, 21.07.2025-க்குள் இந்த மின்னஞ்சல் முகவரிக்கே பதில் அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. கலைவாணி
பி.எஸ்சி. நர்சிங், மூன்றாம் ஆண்டு
விண்ணப்ப எண்: 2425-0318467