முன்மொழிவு: பழைய தமிழ்க் கணக்கு எண்களைப் படிக்கும் ஒரு சிறு நிரல்

திட்ட அளவு: சிறியது, 90 மணி நேரம்
காலம்: ஜூன் 1 முதல் ஜூலை 26 வரை, 8 வாரம்
விண்ணப்பிப்பவர்: மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் மாணவி, காரைக்குடி

எதற்கு இது

எங்கள் ஐயாவின் தகப்பனார் செட்டியார் வீட்டுக் கடை ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் எழுதிய பேரேடுகள் சில, டிரங்குப் பெட்டியில் எங்களிடம் இருக்கின்றன. அவற்றை வரி வரியாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். எழுத்தில் சிக்கல் இல்லை, எண்ணில்தான் மாட்டிக்கொண்டேன். பைத்தானில் இப்படி வருகிறது:

```python
>>> int("௧௯௩௨")
1932
>>> int("௲௯௱௩௰௨")
ValueError
```

இரண்டும் 1932தான். முதலாவது இடமதிப்பு முறை. இரண்டாவதில் சுழியமே கிடையாது. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் உண்டு. யூனிகோடு ௰, ௱, ௲ மூன்றையும் இலக்கம் என்று வகைப்படுத்தவில்லை, அதனால் `int` மறுத்துவிடுகிறது. ஒவ்வொரு குறிக்கும் மதிப்பு என்ன என்று `unicodedata.numeric` சொல்லும். சேர்த்துப் படிக்கத்தான் வழி இல்லை. உங்கள் தமிழ் உரை நூலகத்தில் அந்த வழியைச் சேர்ப்பதே என் திட்டம்.

செய்யப்போவது

`parse_tamil_number` என்ற ஒரே ஒரு செயற்கூறு. சரத்தைக் கொடுத்தால் எண் வரும். தப்பான வரிசை என்றால் எந்த இடத்தில் தப்பு என்று சொல்லும் பிழை வரும்.

குறிகளின் வரிசைதான் இதில் நுணுக்கம். ௱௲ என்றால் நூறு ஆயிரம், அதாவது ஒரு லட்சம். ௲௱ என்றால் ஆயிரத்து நூறு. ௨௰௫௲ என்றால் இருபத்தைந்தாயிரம். ஆக, ஆயிரக்குறிக்கு முன்னால் இருப்பதையெல்லாம் முதலில் கூட்டி, அப்புறம் பெருக்க வேண்டும். ௧௨௱ போல இரண்டு முறையையும் கலந்து எழுதியிருந்தால் ஊகிக்காமல் பிழை தருவேன். கணக்கில் தப்பான தொகை வருவதைவிட நிரல் நின்றுபோவது மேல்.

அடுத்தது பின்னங்கள். கால், அரை, முக்கால் மட்டுமல்ல. மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 வரை போகும். இவற்றுக்கான குறிகள் 2019இல் யூனிகோடு 12.0இல் U+11FC0இல் தொடங்கும் தொகுதியில் வந்தன. விடையை `Fraction` ஆகத் தருவேன். 1/320 இருமத்தில் மிதவை எண்ணாகத் துல்லியமாக அடங்காது. ஐந்தொகை போடும்போது முந்திரி உதைத்தால் ஐயாவின் தகப்பனாரே கோபித்துக்கொள்வார்.

செய்யாதது

பேரேட்டுப் படத்திலிருந்து எழுத்தைத் தானாக அறியும் கருவி செய்வதுதான் என் முதல் எண்ணம். பயிற்சிக்கு ஆயிரக்கணக்கான வரிகளைக் கையால் குறிக்க வேண்டும், கையெழுத்தோ ஆளுக்கு ஆள் மாறும். 8 வாரத்தில் அரைகுறையாக நின்றுவிடும் என்று விட்டுவிட்டேன். பற்று, வரவுக் குறிகளும் மரக்கால், படி போன்ற முகத்தல் அளவைகளும் இதில் சேராது.

கால அட்டவணை

வாரத்துக்குப் பதினொரு மணி நேரம் சொச்சம். முதல் வாரம் நிரலே எழுத மாட்டேன்: எந்தச் சரத்துக்கு எந்த விடை என்று சுமார் 60 சோதனைகளை எழுதி உங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்குவேன். 2, 3ஆம் வாரங்களில் முழு எண்கள். 4ஆம் வார முடிவில் அந்தப் பகுதி இணைக்கத் தயாராக இருக்கும். இடைமதிப்பீட்டுக்கு அதையே காட்டுவேன். திட்டம் அங்கேயே நின்றாலும் அது தனியாகப் பயன்படும். 5, 6ஆம் வாரங்களில் பின்னங்கள். 7ஆம் வாரம் 1 முதல் 99,999 வரை ஒவ்வொரு எண்ணையும் பழைய முறையில் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் சோதனை. 8ஆம் வாரம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆவணம், மறுஆய்வில் வரும் திருத்தங்கள்.

ஜூலை 6 முதல் 12 வரை அத்தை மகள் கல்யாணம். எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் வளவு முழுக்க ஆள் இருக்கும், மடிக்கணினியைத் திறக்க முடியாது. அந்த 6ஆம் வாரத்தில் 4 மணி நேரம்தான் கணக்கு வைத்திருக்கிறேன். குறைவதை 5, 7ஆம் வாரங்களில் ஈடு செய்வேன்.

சிக்கல் வரக்கூடிய இடம்

பின்னக் குறிகள் பல கைபேசிகளில் வெறும் கட்டமாகத்தான் தெரியும். அதனால் சோதனைக் கோப்புகளில் குறியை நேரடியாக எழுதாமல் `"\U00011FC0"` என்று குறிமுறையாகத் தருவேன். ஆவணத்தில் Noto Sans Tamil Supplement எழுத்துருவைக் குறிப்பிடுவேன்.

இதுவரை

நூலகத்தை என் கணினியில் நிறுவி, இருக்கும் சோதனைகளை ஓட்டிப் பார்த்தேன். நிறுவல் குறிப்பில் இருந்த ஒரு தவறைத் திருத்தி அனுப்பியது உங்கள் களஞ்சியத்தில் சேர்ந்துவிட்டது. முழு எண்களுக்கு 40 வரியில் ஒரு மாதிரியும் எழுதினேன்; பேரேட்டிலிருந்து எடுத்த 25 தொகைகளில் 22ஐச் சரியாகப் படிக்கிறது. மீதி மூன்றும் ௲க்கு முன்னால் ௱ வருபவை.

பருவத் தேர்வு மே மாதத்தோடு முடிகிறது. புதன்கிழமை இரவு 8 மணிக்கு உங்களோடு அரை மணி நேரம் பேச முடிந்தால் போதும். இடையில் இரண்டு நாளுக்கு மேல் எங்காவது மாட்டிக்கொண்டால் அப்போதே எழுதிக் கேட்பேன்.