எப்ஸ்டீன்-பார் வைரஸ் எதிர்ப்புரத ஆய்வு அறிக்கை

நோயாளி: ஆண், 16 வயது, பள்ளி மாணவர்
ஆய்வு: சுரப்பிக் காய்ச்சலுக்கான எதிர்ப்புரதத் தொகுப்பு (சீரம்)
முதல் மாதிரி: 12.03.2025, நோயின் 10ஆம் நாள் (ரத்த அணு, கல்லீரல் பரிசோதனைகளுக்காக எடுத்தது, மீதிச் சீரம் உறைநிலையில் இருந்தது)
இரண்டாம் மாதிரி: 11.04.2025, நோயின் 40ஆம் நாள்
அறிக்கை நாள்: 15.04.2025

கோரிக்கைப் படிவத்தில் கண்ட விவரம்: 03.03.2025 முதல் தொண்டை வலி, காய்ச்சல், கழுத்தின் இருபுறமும் நெறி கட்டியது. காய்ச்சல் இரண்டு வாரத்தில் விட்டது. தொண்டை வலி இன்னும் முழுதாக விடவில்லை, அசதி தீரவில்லை. தொண்டைச் சளிப் பரிசோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளரவில்லை. 10ஆம் நாள் எடுத்த மோனோஸ்பாட் நெகட்டிவ். முதல் வாரத்தில் அமாக்ஸிசிலின் கொடுத்தபின் உடலெங்கும் சிவந்த தடிப்பு. சென்ற ஆண்டும் காய்ச்சலோடு நெறி கட்டியதாகவும், அதுவே சுரப்பிக் காய்ச்சல் என அப்போது சொல்லப்பட்டதாகவும் பெற்றோர் கூறுகின்றனர். கேள்வி: இது புதிய தொற்றா, பழையதன் மிச்சமா?

முடிவுகள்

| ஆய்வு | 10ஆம் நாள் | 40ஆம் நாள் |
|---|---|---|
| வி.சி.ஏ. ஐ.ஜி.எம். | 3.8 பாசிட்டிவ் | 1.2 பலவீனமான பாசிட்டிவ் |
| வி.சி.ஏ. ஐ.ஜி.ஜி. | 1.3 பலவீனமான பாசிட்டிவ் | 4.6 பாசிட்டிவ் |
| ஈ.பி.என்.ஏ. ஐ.ஜி.ஜி. | 0.1 நெகட்டிவ் | 0.2 நெகட்டிவ் |
| வி.சி.ஏ. ஐ.ஜி.ஜி. பிணைப்பு வலு | செய்யவில்லை | 28%, குறைவு |
| சி.எம்.வி. ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. | செய்யவில்லை | இரண்டும் நெகட்டிவ் |
| லிம்போசைட் | 58% | 41% |
| இயல்புமாறிய லிம்போசைட் | 14% | 2% |
| ஏ.எல்.டி. (அலகு/லிட்டர்; 40 வரை இயல்பு) | 128 | 46 |

எதிர்ப்புரத அளவுகள் கருவி தரும் குறியீட்டு எண்கள்: 0.8க்குக் கீழே நெகட்டிவ், 0.8 முதல் 1.1க்குள் ஐயம், 1.1 முதல் பாசிட்டிவ். பிணைப்பு வலு 40%க்குக் கீழே குறைவு, 60%க்கு மேல் அதிகம். இரண்டு சீரமும் ஒரே நாளில், ஒரே ஓட்டத்தில் பரிசோதிக்கப்பட்டன.

முடிவுரை: எப்ஸ்டீன்-பார் வைரஸின் முதல் தொற்று, அண்மையில் ஏற்பட்டது. மார்ச் மாதம் தொடங்கிய நோய்க்கு இதுவே காரணம். சென்ற ஆண்டு வந்தது இந்த வைரஸால் அல்ல.

விளக்கம்

இந்த அறிக்கையைப் பெற்றோரும் படிப்பார்கள் என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

40ஆம் நாள் மாதிரி மட்டும் கையில் இருந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகக் கையெழுத்திட்டிருக்க மாட்டேன். 1.2 என்ற ஐ.ஜி.எம். எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கும் எண். நோய் தொடங்கும்போது எழும் ஐ.ஜி.எம்., பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் மறையும். ஆகவே ஆறாவது வாரத்தில் இப்படி மங்கிக் கிடப்பது இயல்பே. ஆனால் சைட்டோமெகலோ வைரஸ் தொற்று, முடக்குவாதக் காரணி போன்றவையும் இதே மங்கலான பாசிட்டிவைப் பொய்யாகக் காட்டக்கூடும். தனியாக நிற்கும் ஐ.ஜி.எம். ஒன்றை நம்பி ஒரு பிள்ளையின் நோய்க்குப் பெயர் சூட்டக் கூடாது.

முடிவைத் தாங்குவது ஈ.பி.என்.ஏ. எதிர்ப்புரதம் இல்லாததுதான். இது வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிராக உடல் மெதுவாக உருவாக்குவது. நோய்க்குறி தொடங்கி இரண்டு முதல் நான்கு மாதம் கழித்தே இது தென்படும்; வந்தபின் வாழ்நாள் முழுதும் இருக்கும். வி.சி.ஏ. ஐ.ஜி.ஜி.யோ நோயின் தொடக்கத்திலேயே எழுந்து அதுவும் வாழ்நாள் முழுதும் நிற்பது; எனவே அது இருப்பதை வைத்து மட்டும் காலத்தைச் சொல்ல முடியாது. சென்ற ஆண்டே இந்த வைரஸ் வந்திருந்தால் இன்று ஐ.ஜி.ஜி. இரண்டும் பாசிட்டிவாகவும் ஐ.ஜி.எம். நெகட்டிவாகவும் இருப்பதே வழக்கம்.

ஒரு தடை உண்டு. நூறில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு ஈ.பி.என்.ஏ. எதிர்ப்புரதம் எப்போதுமே உருவாவதில்லை. இந்த மாணவர் அந்த ஐவரில் ஒருவராக இருந்தால் பழைய தொற்றும் புதியதைப் போலவே தோன்றும். அதனால்தான் பிணைப்பு வலுவைப் பார்த்தோம், மார்ச் மாதச் சீரத்தையும் தேடி எடுத்தோம். புதிதாக உருவாகும் ஐ.ஜி.ஜி. வைரஸைத் தளர்வாகவே பற்றும். மாதங்கள் செல்லச் செல்லப் பிடி இறுகும். இங்கே பிடி தளர்வாக உள்ளது. ஒரு மாத இடைவெளியில் ஐ.ஜி.ஜி. 1.3இலிருந்து 4.6க்கு ஏற, ஐ.ஜி.எம். 3.8இலிருந்து 1.2க்கு இறங்கியிருக்கிறது. ஓராண்டுக்கு முந்தைய தொற்றில் இந்த ஏற்ற இறக்கத்தைக் காண முடியாது.

மோனோஸ்பாட் நெகட்டிவாக வந்தது இதற்கு முரணல்ல. அது 1932இல் பால், பனல் இருவரும் கண்டறிந்த பொது எதிர்ப்புரதத்தைத் தேடும் சோதனை. இந்த வைரஸுக்கே உரியதல்ல. முதல் வாரத்தில் நோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேரையும், இரண்டாம் வாரத்தில் பத்தில் ஒருவர் வரையிலும் அது தவறவிடும். அன்றைய ரத்த அணு அறிக்கையில் இருந்த 14% இயல்புமாறிய லிம்போசைட்டும் உயர்ந்த ஏ.எல்.டி.யும் அப்போதே இந்த நோயைத்தான் சுட்டின. அந்த அறிக்கையோடு இந்தத் தொகுப்பையும் அன்றே கேட்கும்படி எங்கள் ஆய்வகம் பரிந்துரைத்திருக்க வேண்டும். செய்யவில்லை, ஒரு மாதம் வீணானது. குடும்பத்தாரிடம் இதற்காக வருந்துகிறேன்.

சிகிச்சை மருத்துவரின் கவனத்துக்கு

அமாக்ஸிசிலின் தடிப்பு: சுரப்பிக் காய்ச்சலின்போது ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின் கொடுத்தால் இப்படித் தடிப்பது நன்கு தெரிந்த ஒன்று, பெரும்பாலும் அது நிலையான ஒவ்வாமை அல்ல. பென்சிலின் ஒவ்வாமை என்று மாணவரின் பதிவேட்டில் இப்போதே நிரந்தரமாக எழுதிவிட வேண்டாம். எழுதிவிட்டால் பிற்காலத்தில் தேவையான மருந்து காரணமின்றி மறுக்கப்படும். முழுதாகக் குணமானபின் ஒவ்வாமை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். அதுவரை அந்த மருந்துகளைத் தவிர்த்தால் போதும். தடிப்போடு மூச்சுத்திணறலோ முக வீக்கமோ இருந்ததா என்பதைப் பெற்றோரிடம் கேட்டுக் குறித்துவைப்பது நல்லது.

மண்ணீரல்: மாணவர் கால்பந்து ஆடுபவர் என்று படிவத்தில் உள்ளது. மண்ணீரல் கிழியும் ஆபத்து முதல் நான்கு வாரத்தில்தான் மிகுதி. பின்னரும் அரிதாக நிகழ்ந்துள்ளது. எதிர்ப்புரத எண்களை வைத்து மைதானத்துக்கு அனுமதி தர முடியாது. வயிற்றைத் தொட்டுப் பார்த்து, அசதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் கேட்டு நீங்களே முடிவு செய்ய வேண்டும். இடது மேல்வயிற்றிலோ இடது தோளிலோ திடீரென வலித்தால் அவசரப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்லும்படி வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

அசதி: தொண்டை வலியை விட இது நீளும். பலருக்குச் சில வாரங்களிலும் சிலருக்குச் சில மாதங்களிலும் விடும். பிள்ளை சோம்பலுக்குச் சாக்குச் சொல்லவில்லை என்பதற்கு இந்த அறிக்கை சான்று. பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் இதைக் காட்டலாம். ஆன்டிபயாட்டிக்கும் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் இந்த நிலையில் பயன் தராது.

மறு ஆய்வு: ஐ.ஜி.எம். முற்றிலும் மறைந்ததா என்று பார்க்க மீண்டும் ரத்தம் எடுக்க வேண்டாம். அதனால் சிகிச்சையில் எதுவும் மாறாது. ஏ.எல்.டி.யை மட்டும் நான்கு வாரம் கழித்து ஒருமுறை பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு மேலும் நெறி கரையாவிட்டாலோ, எடை குறைந்தாலோ, காய்ச்சல் திரும்பினாலோ இந்த அறிக்கையைக் காரணம் காட்டி அமைதியாகாமல் புதிதாக ஆராயுங்கள். அப்போது சீரமும் அனுப்பினால் ஈ.பி.என்.ஏ.வை இலவசமாகவே செய்து தருகிறோம்.

ஒப்பம்:
நுண்ணுயிரியல் மருத்துவர், வைரஸ் எதிர்ப்புரதப் பிரிவு