ஆறு பேரில் மூவர்: ஒரு நிரூபணம்

சென்ற ஞாயிறு மாலை மழை பிடித்துக்கொண்டதால், ராயபுரத்து மாடி வகுப்புக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் ஆறே பேர். அவர்களைப் பார்த்து, “உங்களுக்குள் ஒருவருக்கொருவர் நண்பர்களான மூவர் இருக்கிறீர்கள், இல்லையென்றால் ஒருவருக்கொருவர் அந்நியர்களான மூவர் இருக்கிறீர்கள். உங்களில் யாருக்கு யாரைத் தெரியும் என்று கேட்காமலேயே இதைச் சொல்கிறேன்” என்றேன். காரணத்தைக் கரும்பலகையில் பாதி எழுதுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. இருட்டில் வாயால் சொல்லி முடித்த மீதிப் பாதி யாருக்கும் தெளிவாகப் போய்ச் சேரவில்லை என்பதை மறுநாள் வந்த கேள்விகள் காட்டின. ஆகவே முழு நிரூபணத்தையும் முதலிலிருந்து எழுதித் தருகிறேன்; நோட்டில் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொற்களைத் திட்டமாக்கிக்கொள்வோம். இங்கே நட்பு என்பது இருபுறமும் உள்ளது: ஒருவர் இன்னொருவருக்கு நண்பர் என்றால் அவர் இவருக்கும் நண்பர். நண்பர் அல்லாத இருவர் அந்நியர். எந்த இருவரை எடுத்தாலும் இவ்விரண்டில் ஒன்று உண்மையாக இருக்கும். இரண்டும் சேர்ந்து உண்மையாகா. முகம் மட்டும் தெரியும், பெயர் தெரியாது என்பது போன்ற இடைநிலைகளை, நண்பர் என்றோ அந்நியர் என்றோ முன்கூட்டியே ஒரு பக்கம் சேர்த்துவிட வேண்டும். எந்தப் பக்கம் சேர்த்தாலும் நிரூபணம் நிற்கும்.

தேற்றம்: எந்த ஆறு பேரை எடுத்துக்கொண்டாலும், அவர்களில் ஒருவருக்கொருவர் நண்பர்களான மூவராவது, ஒருவருக்கொருவர் அந்நியர்களான மூவராவது இருந்தே தீருவர்.

ஆறு பேருக்கும் வல்லின எழுத்துகளையே பெயராக வைப்போம்: க, ச, ட, த, ப, ற. தாளில் ஆறு புள்ளிகள் வையுங்கள். எந்த மூன்று புள்ளியும் ஒரே நேர்க்கோட்டில் வராதபடி வைத்தால் படம் குழப்பாது. நண்பர்கள் இருவருக்கிடையே சிவப்புக் கோடு, அந்நியர்கள் இருவருக்கிடையே நீலக் கோடு. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஐந்து கோடுகள் கிளம்புகின்றன; ஒரு கோட்டை அதன் இரு முனையிலிருந்தும் எண்ணிவிடுவோம் என்பதால், மொத்தக் கோடுகள் 6 × 5 / 2 = 15. மூன்று பக்கமும் ஒரே நிறமாக உள்ள முக்கோணம் ஒன்று இந்தப் படத்தில் கட்டாயம் இருக்கிறது என்பதே நாம் காட்ட வேண்டியது.

ஒவ்வொரு வகையாகப் பார்த்துவிடலாமே என்று மாணவி ஒருவர் கேட்டார். பதினைந்து கோடுகளுக்கும் தனித்தனியே இரண்டு நிறங்கள் என்பதால் 2^15 = 32,768 படங்கள் வரும். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் என்று இரவு பகலாகப் பார்த்தாலும் இருபத்திரண்டு நாள்களுக்கு மேல் ஆகும். பார்த்து முடித்த பிறகும், ஏன் இப்படி என்ற கேள்வி அப்படியே இருக்கும். கீழே உள்ள நிரூபணம் ஒரே ஒருவரிடமிருந்து தொடங்கி அந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது.

க-வை எடுத்துக்கொள்வோம். அவரிடமிருந்து ச, ட, த, ப, ற ஆகிய ஐவருக்கும் செல்லும் கோடுகள் ஐந்து; நிறங்கள் இரண்டு. நம் தெரு மொட்டை மாடிகளில் புறா வளர்ப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து புறாக்களை இரண்டு கூண்டுகளில் அடைத்தால், ஏதோ ஒரு கூண்டில் குறைந்தது மூன்று இருக்கும். இரண்டிலும் இரண்டுக்கு மேல் இல்லையென்றால் மொத்தமே நான்கு புறாக்கள்தான் அடைபட்டிருக்க முடியும். ஆகவே க-விடமிருந்து கிளம்பும் ஐந்து கோடுகளில் மூன்றுக்குக் குறையாதவை ஒரே நிறம்.

அந்த நிறம் சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஐவரில் குறைந்தது மூவர் க-வுக்கு நண்பர்கள். அவர்களில் மூவரைத் தேர்ந்து அவர்களையே ச, ட, த என்று அழைப்போம். யாருக்கு எந்த எழுத்து என்று இதுவரை நாம் கட்டுப்படவில்லை என்பதால் இப்படி அழைப்பதில் தவறில்லை. இப்போது க-வை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, இந்த மூவருக்கிடையே உள்ள ச–ட, ட–த, ச–த என்ற மூன்று கோடுகளை மட்டும் பாருங்கள். அவற்றில் ஒன்றாவது சிவப்பாக இருந்தால், அந்தக் கோட்டின் இரு முனையில் உள்ளவர்கள் தமக்குள் நண்பர்கள், இருவரும் க-வுக்கும் நண்பர்கள். எனவே க-வுடன் சேர்ந்து அவர்கள் ஒருவருக்கொருவர் நண்பர்களான மூவர் ஆகின்றனர். ஒன்றுகூடச் சிவப்பாக இல்லையென்றால் மூன்றும் நீலம். அப்போது ச, ட, த ஆகியோரே ஒருவருக்கொருவர் அந்நியர்களான மூவர். மூன்று கோடுகளில் சிவப்பு இருக்கும் அல்லது இருக்காது, வேறு வழியில்லை.

மூன்றுக்குக் குறையாத அந்த ஒரே நிறம் நீலமாக இருந்தால், மேலே உள்ள பத்தியில் சிவப்பு, நீலம் என்பவற்றையும் நண்பர், அந்நியர் என்பவற்றையும் இடம் மாற்றிப் படியுங்கள்; சொல்லுக்குச் சொல் பொருந்தும். தேற்றம் நிறுவப்பட்டது.

இருட்டில் தவறிப்போன இடம் எதுவென்று இப்போது சொல்கிறேன். க-வுக்கு மூன்று நண்பர்கள் கிடைத்தவுடனேயே பலர், “மூன்று நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள்” என்று எழுதி நிறுத்திவிட்டீர்கள். அந்த மூவரும் க-வுக்கு நண்பர்கள், அவ்வளவுதான். தமக்குள் அவர்கள் முகம் பார்த்தேயிராதவர்களாக இருக்கலாம். காசிமேட்டு ஏலத்தில் மூன்று விற்பவர்களும் மூன்று வாங்குபவர்களும் நிற்கிறார்கள் என்று கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு விற்பவரையும் ஒவ்வொரு வாங்குபவருக்கும் நன்றாகத் தெரியும். விற்பவர்களோ தமக்குள் அறியாதவர்கள், வாங்குபவர்களும் அப்படியே. இங்கே ஆறு பேரில் ஒவ்வொருவருக்கும் சரியாக மூன்று நண்பர்கள் உண்டு, ஆனாலும் ஒருவருக்கொருவர் நண்பர்களான மூவரை எங்கு தேடினாலும் கிடைக்கமாட்டார்கள். எந்த மூவரை எடுத்தாலும் இருவராவது ஏலத்தின் ஒரே பக்கத்தில் நிற்பார்கள். கிடைப்பது அந்நியர் மூவர்தான். ச–ட, ட–த, ச–த என்ற மூன்று கோடுகளையும் கேட்டுப் பார்க்கும் அந்த இரண்டாம் படி இல்லாமல் நிரூபணம் இல்லை.

ஆறு என்ற எண்ணைக் குறைக்க முடியுமா? முடியாது. ஐந்து பேரை வட்டமாக உட்காரவையுங்கள்: க, ச, ட, த, ப என்று வரிசையாக, ப-வுக்கு அடுத்து மீண்டும் க. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் நண்பர்கள், மற்றவர்கள் அந்நியர்கள். ஒவ்வொருவருக்கும் நண்பர்கள் இருவர் மட்டுமே, இடப்புறத்தவரும் வலப்புறத்தவரும். ஐவர் வட்டத்தில் அந்த இருவரும் அடுத்தடுத்து இல்லை, ஆகவே அவர்கள் தமக்குள் அந்நியர்கள்; நண்பர் மூவர் என்பது யாரிடமும் அமையவில்லை. ஒவ்வொருவருக்கும் அந்நியர்களும் இருவரே, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள். அவர்கள் அடுத்தடுத்து இருக்கிறார்கள், ஆகவே நண்பர்கள். அந்நியர் மூவரும் அமையவில்லை. வரைந்து பாருங்கள்: வெளியே சிவப்பு ஐங்கோணம், உள்ளே கையை எடுக்காமல் போடும் நீல நட்சத்திரம். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தப் படம் புதிதல்ல. ஆறாவது ஒருவர் எங்கு வந்து உட்கார்ந்தாலும், அவர் யாரை நண்பராகக் கொண்டாலும், இந்த அழகு உடைந்து ஒரே நிற முக்கோணம் ஒன்று உண்டாகிவிடும்.

இந்தக் கேள்வி 1953-ஆம் ஆண்டில் வட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கான புட்னம் போட்டியில் கேட்கப்பட்டது. இதற்குப் பின்னால் உள்ள பொதுத் தேற்றம் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிராங்க் ராம்சேயுடையது. தருக்கவியல் கேள்வி ஒன்றைத் தீர்க்க எழுதிய கட்டுரையில் அதை நிறுவிய அவர், 1930 ஜனவரியில் தம் 26-ஆம் வயதில் இறந்துபோனார். மூவருக்குப் பதிலாக நால்வர் வேண்டுமென்றால் ஆறு போதாது, 18 பேர் தேவை; அதை 1955-இல் கிரீன்வுட்டும் கிளீசனும் காட்டினர். ஐவர் வேண்டுமென்றால் விடை 43-க்குக் குறையாது, 46-ஐத் தாண்டாது என்பது வரைதான் இன்று தெரியும். நான் கணிதம் சொல்லிக்கொடுக்கும் இத்தனை ஆண்டுகளில், மூன்றிலிருந்து ஐந்துக்குள் உலகமே திகைத்து நின்றுவிடும் இதைப் போல வேறொன்று என் மனத்தை இவ்வளவு தொட்டதில்லை.

கடைசி வரிசையிலிருந்து வந்த கேள்விக்கு இனி வருகிறேன்: அப்படிப்பட்ட மூவர் ஒரு கூட்டம்தான் இருக்குமா, அதற்கு மேலும் உண்டா? ஆறு பேரில் குறைந்தது இரண்டு கூட்டங்கள் உண்டு. இதற்கு முக்கோணங்களை நேரடியாக எண்ணாமல் மூலைகளை எண்ணுவோம். ஒரு புள்ளியில் சேரும் சிவப்புக் கோடு ஒன்றும் நீலக் கோடு ஒன்றும் சேர்ந்து உண்டாக்கும் மூலையைக் கலப்பு மூலை என்போம். ஒரு புள்ளியில் உள்ள ஐந்து கோடுகள் 5–0, 4–1, 3–2 என்ற விகிதங்களில்தான் பிரியும். கலப்பு மூலைகள் முறையே 0, 4, 6. ஆகவே ஒரு புள்ளிக்கு ஆறுக்கு மேல் கலப்பு மூலை இல்லை; ஆறு புள்ளிகளுக்கும் சேர்த்து 36-க்கு மேல் இல்லை. மறுபக்கம், இரு நிறமும் கலந்த ஒவ்வொரு முக்கோணத்திலும், இரண்டு பக்கம் ஒரு நிறமும் ஒரு பக்கம் மற்ற நிறமுமாக இருப்பதால், சரியாக இரண்டு கலப்பு மூலைகள் உண்டு. எனவே கலப்பு முக்கோணங்கள் 18-க்கு மேல் இருக்க முடியாது. ஆறு புள்ளிகளில் மூன்றைத் தேரும் வழிகள், சேர்வுகள் பாடத்தில் படித்தபடி, 20. ஆகவே குறைந்தது இரண்டு முக்கோணங்கள் ஒரே நிறம். முதல் நிரூபணத்தில் க-வைப் பிடித்துக்கொண்டு ஒன்றைக் கண்டோம். இங்கே யாரையும் பிடிக்காமல் இரண்டு கிடைக்கின்றன.

மூன்று என்று இதை உயர்த்த முடியாது. அதே ஏலக் காட்சிக்குத் திரும்புங்கள்: விற்பவர் மூவர் ஒரு கூட்டம், வாங்குபவர் மூவர் இன்னொரு கூட்டம், வேறு எந்த மூவரும் தேறமாட்டார்கள்.

அடுத்த ஞாயிறுக்குள் இதே மூலை எண்ணும் முறையை ஏழு பேருக்குச் செய்துகொண்டு வாருங்கள். ஒரு புள்ளிக்கு ஆறு கோடுகள், அதிகபட்சம் 9 கலப்பு மூலைகள், மொத்தம் 63; முக்கோணங்கள் 35. 63-ஐ இரண்டால் வகுக்கும் இடத்தில் பாதி முக்கோணம் என்று ஒன்று கிடையாது என்பதை மறக்காமலிருந்தால் நான்கு என்ற விடை வரும்.