குடிநோயும் நம் வீடுகளும்: தவக்கால மறையுரையின் திருத்திய பகுதி

தேவகோட்டை, காரைக்குடி வட்டாரக் கிளைப்பங்குகளில் தவக்காலம் மூன்றாம் ஞாயிறு வாசிப்பதற்கு. பழைய பகுதி முதலில், திருத்தியது அடுத்து.

பழையது:

"குடிவெறியருக்கு விண்ணரசில் இடமில்லை என்கிறார் பவுலடியார். பெற்ற பிள்ளையின் பால் காசைக் குடிப்பவன் மனிதனா, மிருகமா? நோய் என்பதெல்லாம் கோழைகள் சொல்லும் சாக்கு. வீட்டில் அன்பும் செபமும் இருந்தால் எந்தப் புருஷன் கடைப்பக்கம் போவான்? மனைவிமாரே, யோசியுங்கள். குடிப்பவர்களே, இந்தப் பீடத்தின் முன் இன்றே சத்தியம் செய்யுங்கள். இன்றிரவு முதல் ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது. மீறினால் ஆண்டவர் கைவிடுவார்."

இதில் வசவுகள் காயப்படுத்தும். ஆளைக் கொல்லக்கூடிய சொல் "இன்றிரவு முதல்" என்பது. ஏன் என்பது கீழே வருகிறது. அந்தப் பத்தியை வாசிக்கும்போது அவசரப்பட வேண்டாம்.

திருத்தியது:

அன்பான சகோதரரே, சகோதரிகளே,

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம், 6-ஆம் அதிகாரம், 10-ஆம் வசனம். குடிவெறியர் இறையாட்சியை உரிமையாக்கிக்கொள்ள மாட்டார்கள் என்று அங்கே இருப்பது உண்மை. ஆனால் நாம் அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். அடுத்த வசனத்தில், உங்களுள் சிலர் அப்படித்தான் இருந்தீர்கள், இப்போது கழுவப்பட்டிருக்கிறீர்கள் என்கிறார் பவுல். கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்திலேயே மீண்டவர்கள் இருந்தார்கள். இந்தக் கோவிலிலும் இருக்கிறார்கள். இன்னும் மீளாதவர்களும், அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இரவு விழித்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இன்று பேசுவது முக்கியமாக அந்த விழித்திருப்பவர்களிடம்.

முதலில் பெண்களுக்கு ஒன்று. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, யார் செய்த பாவம், இவருடையதா, இவரைப் பெற்றவர்களுடையதா என்று சீடர்கள் கேட்டார்கள். இருவருடையதும் இல்லை என்றார் இயேசு. குழம்பு சரியில்லை, பேச்சு சரியில்லை, அதனால்தான் என் மகன் குடிக்கிறான் என்று சொல்லும் அப்பத்தாக்களும், வளர்ப்பு சரியில்லை என்று சம்பந்தியைக் குத்துபவர்களும் அந்த இடத்தை இன்னொரு முறை வாசியுங்கள். ஒருவர் குடிப்பதற்கு அவர் மனைவியும் பிள்ளையும் காரணம் ஆவதில்லை. அவரை நிறுத்த வைப்பதும் அவர்கள் கையில் இல்லை. அவர்கள் கையில் இருப்பது சில காரியங்கள்தாம். அவற்றை இப்போது சொல்கிறேன்.

நோய் என்று ஏன் சொல்கிறோம்? பாரவண்டி இழுத்துப் பழகிய மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாராயம் மூளையை அமுக்குகிற பாரம். வருடக்கணக்கில் அந்தப் பாரத்தோடு ஓடிய மூளை, அதை எதிர்த்து முழு மூச்சாக இழுக்கக் கற்றுக்கொள்கிறது. நுகத்தடிக் கயிற்றைத் திடீரென்று அறுத்துவிட்டால் மாடு தறிகெட்டு ஓடும். தினமும் குடிப்பவர், அதிலும் காலையில் கை நடுங்கி, கொஞ்சம் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர், சட்டென்று நிறுத்தும்போது நடப்பது இதுதான். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது. அதற்கு முன்பே ஒருவர் எங்கேயாவது வாங்கிக் குடித்துவிடுகிறார் என்றால், ருசிக்காகக் குடிக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று வீட்டார் புரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாகக் குடித்து ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வேர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், பெற்ற பிள்ளையை யாரென்று கேட்பார், காய்ச்சலும் படபடப்பும் இருக்கும். நம் பக்கத்தில் இதைப் பேய் என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். செபக் கூட்டத்துக்கும் கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது உயிர் போகிற நிலை. 108-ஐக் கூப்பிடுங்கள், செபத்தை ஆம்புலன்ஸில் செய்யலாம்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் இருக்கிற சாமானை நகர்த்துங்கள், மணி பாருங்கள். கையில் சாவிக்கொத்து, வாயில் கரண்டி, இரண்டும் வேண்டாம்.

ஆகவே குடிப்பவரிடம் இங்கே சத்தியம் வாங்கப் போவதில்லை. பாட்டிலைத் தேடிப்பிடித்துச் சாக்கடையில் ஊற்றுகிற சகோதரிகளின் வேதனை புரிகிறது. ஆனால் தினமும் குடிப்பவர் விஷயத்தில் அதையும் செய்யாதீர்கள். கயிறு கட்டிக்கொள்ள, மாலை போட்டுக்கொள்ள விரும்புகிறவர் முதலில் டாக்டரைப் பார்க்கட்டும். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை அளவு பார்த்துக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்துவார்கள். கூடவே பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். சாப்பிடாமல் குடித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த பி1 இல்லாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். தெருமுனையில் "தெம்புக்கு ஒரு பாட்டில்" ஏற்றிக்கொள்வது இதனால்தான் ஆபத்து.

இன்னொன்று: சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று விற்கும் பொடி, மாத்திரை. அவற்றில் சிலவற்றில் டைசல்ஃபிராம் இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயமே நின்றுபோகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம்வரைகூட இந்த ஆபத்து உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்து, அவருக்கே தெரிந்து, அவரே சம்மதித்து விழுங்கினால் அது நல்ல மருந்து. ரசத்தில் கலந்தால் விஷம்.

எங்கே போவது? சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டுக் கூச வேண்டாம், குடிநோய்க்கு மருந்து அங்கேதான். போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், எத்தனை வருடமாக, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்ததுண்டா, சர்க்கரை அல்லது ரத்தக் கொதிப்புக்கு என்ன மாத்திரை. ஆதாரும் பழைய சீட்டுகளும் கையில் இருக்கட்டும். வெட்கப்பட்டு அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள், மாத்திரை அளவு அதை வைத்துத்தான். கிளம்ப முடியாவிட்டால் 14446 போதை மீட்புக்கு, 14416 மனநலத்துக்கு. இரண்டுக்கும் காசு இல்லை. அவர் வர மறுத்தால்கூட, நீங்கள் மட்டும் பேசி யோசனை கேட்கலாம்.

எப்போது பேசுவது? இரவு பத்து மணிக்கு வாசற்படியில் நிறுத்தி வைத்துக் கேட்பதில் இதுவரை யாருக்கும் எதுவும் கிடைத்ததில்லை. மறுநாள் காலை, அவர் தெளிவாக இருக்கும்போது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, ஒரே ஒரு விஷயம். "நீங்க குடிகாரன்" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்துவிடும். "முந்தாநேத்து ராத்திரி நீங்க படியில விழுந்தப்ப சின்னவ பயந்து அழுதா. எனக்கும் பயமா இருக்கு. வெள்ளிக்கிழமை சிவகங்கைக்கு நானும் வர்றேன், போவோமா?" இந்த அளவு போதும். இல்லை என்றால் விட்டுவிட்டு, பத்து நாள் கழித்து மறுபடி கேளுங்கள். பெரும்பாலும் ஒரு விழுகை, ஒரு வயிற்றுவலி, ஒரு அவமானத்துக்கு அடுத்த காலையில்தான் சரி என்பார்கள். அன்றைக்கே கிளம்ப பஸ் காசும் சீட்டும் தயாராக இருக்க வேண்டும்.

எதை நிறுத்துவது? சோறு போடுவதை நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றில் குடிப்பது இன்னும் கெடுக்கும். பொய் சொல்வதை நிறுத்துங்கள். மேஸ்திரிக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்பது, குடிக் கடனைத் தோட்டை அடகு வைத்து அடைப்பது, சங்கத்தில் உங்கள் பேரில் லோன் எடுத்துக் கொடுப்பது, இவற்றால் குடியின் விலையை அவருக்குப் பதில் நீங்கள் கட்டுகிறீர்கள். ஆத்தங்குடிக் கல் பட்டறையோ, கொத்து வேலையோ, கல்யாணச் சமையலோ, நம் ஊரில் கூலி பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வருகிறது. கூலி கைக்கு வந்த பிறகு வரும் மூன்று மணி நேரம்தான் வாரத்திலேயே மோசமான நேரம். அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் அவர் சம்மதத்தோடு பேசி, கூலியை உங்கள் கணக்கில் போடச் சொல்ல முடியுமானால் செய்யுங்கள். சனிக்கிழமை நாலரைக்கே டிபன் கொடுத்துவிடுங்கள். பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலில் ஒன்று இருந்தாலே குடிக்கத் தோன்றும். தோன்றுகிற அந்த வேகம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். அந்த அரை மணி நேரத்துக்கு ஓர் ஆள் துணை வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று மாதம் தொடாமல் இருந்தவர் சிராவயல் மஞ்சுவிரட்டு அன்று குடித்துவிட்டார் என்றால், மூன்று மாதம் வீண் இல்லை. சர்க்கரை ஏறினால் டாக்டரிடம் திரும்பப் போகிற மாதிரி, மறுநாளே திரும்பப் போக வேண்டும். திட்டு விழும் என்ற பயத்தில் மறைக்கும்போதுதான் ஒரு நாள் குடி ஒரு வருடக் குடியாகிறது.

அடி, உதை இருக்கும் வீடுகளுக்கு நான் பொறுமையைப் பிரசங்கிக்க மாட்டேன். கல்யாணம் அருள்சாதனம்தான், அடி வாங்குவது அதில் சேர்த்தி இல்லை. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ், இரண்டு செட் துணி, இவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான வீட்டில் வையுங்கள். 181 பெண்களுக்கு, 1098 குழந்தைகளுக்கு, இரவிலும் எடுப்பார்கள். வெளியேறியதற்காகப் பங்கில் யாரும் உங்களைக் கேள்வி கேட்க விட மாட்டோம்.

நாமும் கொஞ்சம் திருந்த வேண்டும். கொடியேற்றத்தன்று திருவிழாக் கமிட்டிக்கு மறைவில் பாட்டில், முதல் நன்மை விருந்தில் மாமன்மாருக்குத் தனிப் பந்தி. மீண்டு வந்த ஒருவர் அந்தப் பந்தலில் எங்கே உட்காருவார்?

நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெயும் மதுவும் வார்த்துக் கட்டி, அடிபட்டவரைச் சாவடிக்குக் கொண்டுபோனார். காசி, ராமேஸ்வரம் என்று வழியெல்லாம் சத்திரம் கட்டிய சீமை இது; சாவடி என்றால் நமக்கு விளக்க வேண்டியதில்லை. நான் கவனிக்கத் தவறுவது அதற்கு அடுத்தது. இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டு, இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றார். ஒரே தடவையில் முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைய இரண்டாம் காணிக்கை அந்தச் செலவுக்கு: சிவகங்கைக்குப் பஸ் காசு, கூடப் போகிறவருக்குச் சாப்பாடு, அன்று போன கூலி. இரண்டாம் தடவைக்கும், நான்காம் தடவைக்கும் கொடுப்போம். திருப்பலி முடிந்து மறைக்கல்வி அறையில் ஓர் அக்காவும், குடியிலிருந்து மீண்ட ஓர் அண்ணனும் பத்து மணிவரை இருப்பார்கள். பேர் எழுத மாட்டார்கள். வாசல் வழியாக வரக் கூச்சமாக இருந்தால், பின்பக்கம் கிணற்றடிக் கதவு திறந்திருக்கும்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.