நவம்பர் 6 இணையத் தடை: வாடிக்கையாளர்களுக்கு எங்கள் விளக்கம்

அனைவருக்கும் வணக்கம்.

கடந்த வியாழக்கிழமை மாலை 6.40-க்கு, இடி மழையில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கரண்ட் போனது. எங்கள் கோபுரத்து பேட்டரிகள் ஆறு மணி நேரமாவது தாங்கியிருக்க வேண்டும். பதினோரு நிமிடத்தில் அணைந்துவிட்டன. 9.25-க்கு கரண்ட் வந்ததும் பெரும்பாலான வீடுகளுக்கு இணையமும் வந்தது. மேட்டு லயனிலும் ஆற்றோர லயனிலும் 63 வீடுகளுக்கு மட்டும் மறுநாள் மதியம் 1.10 வரை வரவில்லை. மழைமேல் பழியைப் போட மாட்டோம். இரண்டு தவறும் எங்களுடையவை.

முதலில் பேட்டரி. கோபுரத்தில் 12 வோல்ட் பேட்டரி நான்கு, வரிசையாக இணைத்திருக்கிறோம். மாதாமாதம் மீட்டர் வைத்துப் பார்ப்போம், ஒவ்வொன்றும் 13.5 வோல்ட் காட்டும், திருப்தியாக இறங்கி வந்துவிடுவோம். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது செத்த பேட்டரிகூட அப்படித்தான் காட்டும். பாரம் ஏற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதை நாங்கள் செய்யவே இல்லை. தகரப் பெட்டிக்குள் வெயிலில் வெந்து மூன்றாவது பேட்டரி வீங்கிப் போயிருந்தது. வரிசையில் ஒன்று போனால் மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை.

இரண்டாவது, ரவுட்டர். ஆகஸ்டுக்குப் பிறகு இணைந்த அந்த 63 வீடுகளின் அமைப்பை அதில் ஏற்றினோம், நிரந்தரமாகச் சேமிக்கவில்லை. கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் பழைய அமைப்போடு எழுந்தது. புதிய வீடுகளை அதற்கு அடையாளம் தெரியவில்லை. விட்டுப்போனது இந்த ஒரு வரிதான்:

```
copy running-config startup-config
```

இவற்றைவிட எங்களை வருத்துவது வேறொன்று. அன்றிரவு 9.30-க்கு "எல்லாம் சரியாகிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். வரவில்லை என்று அழைத்தவர்களிடம் மோடத்தைக் கழற்றி மாட்டச் சொன்னோம். மேட்டு லயனில் ஒரு பாட்டி, பேத்தியின் எஸ்.பி.எம். படிப்புக்காக, டார்ச் பிடித்து ஐந்து முறை கழற்றி மாட்டியிருக்கிறார். கோளாறு அவர் வீட்டில் இல்லவே இல்லை. அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். உங்கள் எல்லோரிடமும் இங்கே கேட்கிறோம்.

வெள்ளிக்கிழமையே அமைப்பைச் சேமித்து, ஒரு நகலைக் கடையிலும் வைத்துவிட்டோம். சனிக்கிழமை நான்கு பேட்டரிகளையும் மாற்றி, மெயின் சுவிட்சை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்தோம். ஆறரை மணி நேரம் தாங்கின. பெட்டிக்கு நிழற்கூரையும் போட்டாயிற்று.

இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு அதிகாலையில், இதே சோதனை நடக்கும், முதல்நாளே சொல்லிவிடுவோம். ஒவ்வொரு லயனிலும் ஒரு வீட்டையாவது அழைத்து உறுதிசெய்யாமல் "சரியாகிவிட்டது" என்று அனுப்ப மாட்டோம். ஆறு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லையென்றால் இணையம் நிற்கத்தான் செய்யும். ஜெனரேட்டர் வாங்க இப்போது எங்களிடம் பணம் இல்லை, அதனால் அதற்கு வாக்குக் கொடுக்கவில்லை.

மாதக் கட்டணம் 60 ரிங்கிட்டில், அந்த 63 வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கான 14 ரிங்கிட்டும் மற்றவர்களுக்கு ஒரு நாளுக்கான 2 ரிங்கிட்டும் டிசம்பர் பில்லில் கழியும். நீங்கள் கேட்க வேண்டியதில்லை. இன்னும் வராத வீடு ஏதாவது இருந்தால், மோடத்தைத் தொடாமல் கடைக்கு ஒரு அழைப்பு கொடுங்கள். நாங்களே வருகிறோம்.