அப்பாவின் அப்புத்தளைப் பயணம்: எந்தப் பைக்குள் என்ன

தம்பி, வியாழன் இரவு ரயிலில் திருகோணமலையிலிருந்து கொழும்புக் கோட்டை. வெள்ளி முழுவதும் வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டில் ஓய்வு. சனி காலை கோட்டையில் பதுளை ரயில் ஏறி, பின்னேரம் அப்புத்தளை. மூன்று பைகள் போதும். புதன் இரவே கட்டி முடித்துவிடு.

நீலத் தோள்பை

இது உன் தோளைவிட்டு இறங்கக் கூடாது, மேல் தட்டில் வைக்கவே கூடாது. போன தடவை குளுக்கோசும் குளிசைகளும் பெரிய பைக்குள் போய்விட்டன. மாகோ தாண்டிய இருட்டில் நான் உடுப்புகளுக்குள் கைவிட்டுத் துழாவ, அப்பா சீனி குறைந்து வியர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பயம் இன்னும் எனக்குப் போகவில்லை.

பயணம் மூன்று நாள் என்றாலும் குளிசை ஆறு நாளுக்கு எடு. வேளைக்கு ஒரு கடதாசிப் பொட்டலமாக மடித்து, கண்ணாடி இல்லாமலே அவர் வாசிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அவற்றோடு கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, டிக்கெட், சீனி பார்க்கும் கருவி, டோர்ச். இன்சுலினை ஈரத்துணியில் சுற்றிய சிறு டப்பாவில் வை; ஐஸ் கட்டியில் முட்டக் கூடாது, உறைந்தால் மருந்து கெட்டுவிடும். சாப்பாடு கைக்கு வந்த பிறகுதான் ஊசி. ரயில் தாமதித்தாலும் அதில் மாற்றமில்லை.

மூடியுள்ள சிறுநீர்ப் போத்தலும் ஒரு பழைய சாரமும் இதற்குள்ளேயே இருக்கட்டும். ஆடும் பெட்டியில் இரவில் கழிவறைவரை அவரை நடத்த வேண்டாம். வெட்கப்பட்டு மறுப்பார்; தண்ணீர் குடிக்காமலும் இருந்துவிடுவார். நீ சாரத்தை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் பார். பேச்சுக் கொடுக்காதே.

சாப்பாட்டுக் கூடை

வியாழன் இரவுக்கு இடியப்பமும் உறைப்புக் குறைந்த சொதியும். சொதி தனிப் போத்தலில். பிறகு கிறீம் கிறேக்கர், வாழைப்பழம், பிளாஸ்கில் சுடுதண்ணீர். சனிக்கிழமைச் சாப்பாட்டைச் சின்னம்மா கட்டித் தருவார். வடை விற்பவர் வந்தால் ஒன்று வாங்கிக் கொடு, ஆசையாகச் சாப்பிடுவார்.

பெரிய பை

மூன்று சாரம், நான்கு சட்டை, துவாய், சவர்க்காரம், செருப்பு. சுவெட்டர், மப்ளர், காலுறை மூன்றையும் எல்லாவற்றுக்கும் மேலே வை. பட்டிப்பொல நிலையம் ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் கடற்கரை வெயிலில் இருந்த உடம்பு அது. நானுஓயா வரும்போதே போட்டுவிடு. குளிர்கிறது என்று அவராகச் சொல்ல மாட்டார்.

கைத்தடியும் தூரப்பார்வைக் கண்ணாடியும் எந்தப் பைக்குள்ளும் வேண்டாம், அவர் கையிலேயே இருக்கட்டும். தான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் கூரை ரயிலிலிருந்தே தெரியும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.